மாவுக்கட்டுக்குள் பசித்திருக்கும் எலும்பு

எலும்பு முறிந்து மாவுக்கட்டுடன் ஒருவர் வீடு திரும்பினால், அந்த வீட்டில் முதலில் மாறுவது சமையல். முட்டை நிறுத்தப்படும், புண் சீழ் பிடிக்கும் என்பார்கள். பருப்பு நிறுத்தப்படும், வாயு என்பார்கள். மழைக்காலமாக இருந்தால் தயிரும் போய்விடும். எஞ்சுவது கஞ்சி, ரசம், துவையல். வாரம் ஒருமுறை ஆட்டுக்கால் சூப்பு வந்தால் அது பெரிய சிகிச்சையாகக் கருதப்படும். இந்தப் பத்தியத்தை நான் பணியாற்றிய ஊர்களிலும் கண்டிருக்கிறேன். ஓய்வுக்குப்பின் வந்து குடியேறிய மஞ்சூரிலும் காண்கிறேன்.

மஞ்சூரில் இது சிறிய விஷயமன்று. குந்தா மலைச்சரிவுகளில் தேயிலை பறிப்பவர்கள் ஆண்டின் பெரும்பகுதியும் ஈரமான, வழுக்கும் பாதைகளில் முதுகில் சுமையோடு ஏறி இறங்குகிறார்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கணுக்கால், மணிக்கட்டு, முன்கை எலும்பு முறிவுகளும், கெண்டைக்கால் தசைக் கிழிவும் தெருவுக்கு ஒன்றாகக் காணக்கூடியவை. தசை கிழிந்தவர் மூன்று வாரமாவது வேலைக்குப் போக முடியாது. எலும்பு முறிந்தவருக்கு ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகும். அந்த வாரங்களில் உடலுக்கு என்ன தேவை, நாம் அதற்கு என்ன கொடுக்கிறோம் என்ற கணக்கைப் பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் போட்டுப் பார்க்கத் தோன்றியது. மருத்துவ அறிவியல் இந்தக் கணக்கின் ஒரு பக்கத்தை ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவமனையில் டேவிட் கத்பர்ட்சன் என்ற உயிர்வேதியியலாளர், கால் எலும்பு முறிந்து படுத்திருந்த நோயாளிகளின் சிறுநீரை நாள்தோறும் சேகரித்து ஆராய்ந்தார். எலும்பு உடைந்தால் சுண்ணாம்புச்சத்து வெளியேறும் என்பதுதான் அன்றைய எதிர்பார்ப்பு. அவரைத் திகைக்க வைத்தது நைட்ரஜன் இழப்பு. நைட்ரஜன் வெளியேறுகிறது என்றால் புரதம் சிதைகிறது என்று பொருள். முறிந்த இடத்திலிருந்து மட்டும் அவ்வளவு புரதம் வந்திருக்க முடியாது. உடலெங்குமுள்ள தசைகள் கரைந்துகொண்டிருந்தன. 1930-இல் அவர் வெளியிட்ட இந்த முடிவு இன்றும் காயங்களுக்கான ஊட்டச்சத்து அறிவியலின் அடித்தளமாக இருக்கிறது. அடிபட்ட உடல் தன் காயத்தை ஆற்றுவதற்குத் தன் தசையையே செலவழிக்கிறது. முதலீடு வெளியிலிருந்து வராதபோது வீட்டுப் பொருளை விற்றுச் செலவு செய்யும் குடும்பத்தைப் போன்றது அது.

எலும்பு என்றாலே சுண்ணாம்பு என்ற எண்ணம் நமக்குள் ஆழமாகப் பதிந்திருப்பதால், புரதத்தின் பங்கைச் சற்று விளக்க வேண்டும். எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கனிமமன்று. பெரும்பாலும் கொலாஜன் என்ற புரத இழை. கட்டடத்தில் கம்பி போன்றது கொலாஜன். அதன்மீது படியும் கான்கிரீட் போன்றது கால்சியம். முறிந்த இடத்தில் முதல் சில நாள்கள் இரத்தம் உறைந்து வீக்கம் காண்கிறது. இரண்டு, மூன்று வாரங்களில் அங்கே ஒரு மென்மையான இணைப்புத் திசு வளர்கிறது. அதில் பெரும்பகுதி புரதமே. அதன் பிறகுதான் கால்சியமும் பாஸ்பரஸும் படிந்து அது கெட்டியாகிறது. கம்பி கட்டாமல் கான்கிரீட் கொட்ட முடியாது. மாவுக்கட்டு போட்ட முதல் மூன்று வாரங்களில் பருப்பையும் முட்டையையும் நிறுத்துவது, சரியாகக் கம்பி கட்டும் நேரத்தில் கம்பியை நிறுத்துவதாகும்.

இன்னொரு பக்கம், அசையாத தசை வியப்பூட்டும் வேகத்தில் தேய்கிறது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நலமுள்ள இளைஞர்களின் ஒரு காலுக்கு மட்டும் கட்டுப் போட்டுப் பார்த்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்தே நாளில் தொடைத் தசையின் குறுக்களவு 3.5 விழுக்காடு குறைந்தது. இரண்டு வாரத்தில் 8 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது; வலிமையோ அதைவிட அதிகமாக, நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. அவர்களுக்குக் காயம் ஏதுமில்லை, உணவுக்கும் குறைவில்லை. காயமும் அரைவயிறும் சேர்ந்தால் இழப்பு இதைவிட அதிகமாகத்தானே இருக்கும்? எலும்பு கூடிய பின்னும் பல மாதங்கள் சரிவில் ஏற முடியாமல் தவிப்பவர்களின் துன்பத்தில் பெரும்பகுதி எலும்பால் வருவதன்று; இந்தத் தசை இழப்பால் வருவது.

இனி ஒரு குடும்பத்தின் கணக்கைப் பார்ப்போம். எங்கள் தெருவில் வசிக்கும் ஐம்பத்து நான்கு வயதுப் பெண்மணி ஒருவர் சிறு தோட்டங்களில் நாள்கூலிக்குத் தேயிலை பறிப்பவர். சென்ற மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்தது. அறுவை தேவைப்படவில்லை, ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு. எடை 50 கிலோ. அவருடைய மருமகளிடம் கேட்டு, வழக்கமாக அவர் உண்பதை எழுதிக்கொண்டேன். நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 கிராம் அரிசி, நீர்த்த சாம்பாரில் 25 கிராம் பருப்பு, தேநீரில் கலந்த கொஞ்சம் பால், கடையில் ஒரு பன், உருளைக்கிழங்கு, கேரட். இதில் கிடைக்கும் புரதம் 38 கிராம் அளவில். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வகுத்த அளவின்படி, நலமுள்ளவருக்கு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். அவருடைய எடைக்கு அது 42 கிராம். ஆக, விழுவதற்கு முன்பே சிறிய பற்றாக்குறை இருந்தது.

விழுந்த பிறகு நடந்ததுதான் கவலைக்குரியது. உழைக்காத உடலுக்குக் குறைவாகப் போதும் என்று அவரே சோற்றைக் குறைத்துக்கொண்டார். பருப்பைப் பத்தியம் விலக்கியது. கிடைத்த புரதம் நாளுக்கு 24 கிராம் அளவுக்கு இறங்கியது. காயமுற்ற, வயது கூடிய ஒருவருக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை வேண்டும் என்று முதியோர் ஊட்டச்சத்து வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள். அதன்படி அவருக்குத் தேவை குறைந்தது 60 கிராம். தேவை 42-இலிருந்து 60-க்கு ஏறிய வாரத்தில், வரவு 38-இலிருந்து 24-க்கு இறங்கியிருக்கிறது.

நான் முட்டையைப் பற்றிச் சொன்னபோது அவர் கேட்டார்: "சும்மா உக்காந்திருக்கேன், எனக்கு எதுக்குங்க ஐயா முட்டை? பேரப்பிள்ளைக்காவது ஆகும்." இதைக் கேட்டு நான் வியப்படையவில்லை. குடும்பத்துக்குள் உணவு எப்படிப் பங்கிடப்படுகிறது என்பது பொருளாதாரத்தில் நன்கு ஆராயப்பட்ட பொருள். சம்பாதிப்பவருக்கு முதலில், குழந்தைக்கு அடுத்து, பெண்ணுக்குக் கடைசியில் என்பது அந்தப் பங்கீட்டின் எழுதப்படாத விதி. சம்பாதிக்கும் பெண்ணாக இருந்தவரை அவருக்குக் கிடைத்த இடமும், கூலி நின்ற நாளில் நழுவிவிடுகிறது. அவரே அதை விட்டுக்கொடுக்கிறார்.

அவர் தட்டில் 60 கிராமை எட்டுவது கடினமா? இந்த மலையில் காலங்காலமாக விளையும், உண்ணப்படும் பொருள்களைக் கொண்டே எட்டலாம். காலையில் 50 கிராம் இராகி மாவில் களியோ கூழோ, அதனுடன் ஒரு தம்ளர் பால், ஒரு முட்டை. இதில் 16 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. நண்பகலில் 100 கிராம் அரிசிச் சோறு, 50 கிராம் பருப்பில் கெட்டியான குழம்பு, ஒரு கிண்ணம் தயிர். இவை 22 கிராம் தருகின்றன. மாலையில் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையில் 6 கிராம். இரவில் சற்றுக் குறைவான சோறு, இன்னொரு முட்டை, 30 கிராம் கொள்ளோ காய்ந்த அவரைக் கொட்டையோ. இதில் 18 கிராம். மொத்தம் 60-ஐத் தாண்டிவிடுகிறது. முட்டை உண்ணாதவர்கள் பால், தயிர், சோயா ஆகியவற்றைக் கூட்டிக்கொண்டு இதே அளவை எட்டலாம்.

இந்தப் பட்டியலில் ஒரு நுட்பம் உண்டு. புரதம் மூன்று வேளைக்கும் பிரிந்திருக்கிறது. வயதான தசையும் அசையாத தசையும் சிறிய அளவுப் புரதத்துக்கு எளிதில் எதிர்வினை காட்டுவதில்லை. ஒரு வேளைக்கு 20 கிராமை ஒட்டி வரும்போதுதான் அவை புதிய தசையைக் கட்டத் தொடங்குகின்றன. காலையில் தேநீரும் பன்னும், நண்பகலில் ரசம் சோறு, ஞாயிறன்று மட்டும் அரைக் கிலோ கறி என்ற முறை, வாரக் கணக்கில் சரியாகத் தோன்றினாலும் உடலுக்கு உதவாது.

இராகி அந்தப் பட்டியலில் இருப்பதற்குக் காரணம் கால்சியம். 100 கிராம் இராகியில் 360 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அது மிகச் சொற்பம். மேலே சொன்ன உணவுடன் ஒரு கட்டுக் கீரையும் சேர்ந்தால், நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படும் 1,000 மில்லிகிராமை நெருங்கிவிடலாம். கொலாஜன் இழைகளை முறுக்கிக் கட்ட வைட்டமின் சி வேண்டும். அதற்கு ஒரு நெல்லிக்காயோ ஒரு கொய்யாவோ போதும். வைட்டமின் டி-க்குத்தான் உணவில் வழியில்லை. அது வெயிலால் உருவாவது. மஞ்சூரின் மழைமாதங்களில், மூடுபனிக்குள், கட்டிலோடு இருப்பவருக்கு வெயில் எங்கிருந்து வரும்? மருத்துவரிடம் கேட்டு மாத்திரையோ பொடியோ பெறுவதே வழி. வாரம் ஒன்று என்று எழுதித் தரப்படும் அதிக வீரியப் பொடியை நாள்தோறும் உண்பதும், மாதக்கணக்கில் நீட்டிப்பதும் நஞ்சாகிவிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

உழைப்பு நின்றதால் உணவின் மொத்த அளவைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் பாதி உண்மை உண்டு. சரிவில் நாள் முழுதும் பறித்தபோது உண்ட அளவுக்குச் சோறு தேவையில்லை. மேலே சொன்ன பட்டியலில் அரிசி 300 கிராமிலிருந்து 175 கிராம் அளவுக்குக் குறைந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆனால், காயம் ஆறவே உடல் கூடுதல் ஆற்றலைச் செலவிடுகிறது. ஊன்றுகோலுடன் நடப்பதற்கு இயல்பாக நடப்பதைவிட மிக அதிகமான ஆற்றல் வேண்டும். ஆற்றல் போதாவிட்டால், உண்ட புரதத்தையும் உடல் விறகாக எரித்துவிடும். எனவே சோற்றைக் குறைக்கலாம். குறைத்த இடத்தைப் பருப்பாலும் முட்டையாலும் பாலாலும் நிரப்ப வேண்டும். அதே சமயம், உடம்பு தேற வேண்டும் என்று நெய்யும் இனிப்பும் ஊட்டுவதாலும் பயனில்லை. படுத்திருக்கும்போது மிகையாக உண்பது கொழுப்பாகுமே தவிரத் தசையாகாது.

ஆட்டுக்கால் சூப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் வாசகர்கள் விடமாட்டார்கள். அது சூடானது, சுவையானது, பசியைத் தூண்டுவது, குடிப்பதில் தவறில்லை. ஆனால், எலும்பிலுள்ள கால்சியம் கொதிநீரில் அதிகம் கரைவதில்லை. கரைந்து வரும் ஜெலட்டின் புரதத்தில் உடலுக்குத் தேவையான அமினோ அமிலங்களுள் ஒன்றான டிரிப்டோபன் இல்லவே இல்லை. அந்த விலைக்கு இருபது முட்டையாவது வாங்கலாம். பிரண்டைத் துவையலுக்கும் இதுவே பொருந்தும். எலும்பு ஒட்டும் ஆற்றல் அதற்கு உண்டா என்று சிறிய அளவில் சில ஆய்வுகள் நடந்திருக்கின்றன. உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று இன்னும் சேரவில்லை. துவையலாக உண்ணலாம், பருப்புக்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது. கடையில் விற்கும் ஊட்டப்பொடியை வாங்குவோர் டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். நூறு கிராமில் எவ்வளவு புரதம், எவ்வளவு சர்க்கரை என்று அங்கே அச்சிட்டிருப்பார்கள். சர்க்கரை மிகுந்திருந்தால் அது இனிப்புப் பொடிதான்.

உணவால் இவ்வளவு ஆகுமா என்று ஐயுறுவோருக்கு ஜெனீவாவில் நடந்த ஓர் ஆய்வைச் சுட்டலாம். இடுப்பெலும்பு மூட்டருகே தொடையெலும்பு முறிந்த, சராசரியாக எண்பது வயதைத் தாண்டிய 59 பேரில் ஒரு பகுதியினருக்கு மட்டும், வழக்கமான உணவுடன் நாளுக்கு 20 கிராம் புரதமுள்ள பானம் ஒரு மாத அளவில் தரப்பட்டது. 1990-இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. பானம் பெற்றவர்கள் மருத்துவமனையில் இருந்த நாள்களின் இடைநிலை அளவு 24, பெறாதவர்களுக்கு 40. சிக்கல்களும் இறப்பும் முதல் பிரிவினரிடம் தெளிவாகக் குறைவு. சிறிய ஆய்வுதான், ஏற்கெனவே குறைவாக உண்டுகொண்டிருந்த முதியவர்களிடம் நடந்தது. அதனாலேயே நம் நிலைக்கு அது நெருக்கமானது. நன்றாக உண்ணும் இளைஞருக்குக் கூடுதல் புரதம் அத்தனை மாற்றத்தைத் தராது. பற்றாக்குறையில் இருப்பவருக்குத்தான் 20 கிராம் பெரிதாகிறது.

உணவின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். எவ்வளவு ஊட்டினாலும் முதல் வாரங்களின் தசை இழப்பை முழுமையாகத் தடுக்க முடியாது என்பதைக் கத்பர்ட்சனே பின்னாளில் கண்டார். இழப்பைக் குறைக்கலாம், மீட்பை விரைவாக்கலாம். கோணலாகப் பொருந்திய எலும்பை முட்டை நிமிர்த்தாது. பீடியும் புகையிலையும் தொடர்ந்தால் எலும்பு கூடுவது தாமதமாகும்; எந்த உணவும் அதை ஈடு செய்யாது. சிறுநீரக நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டவே கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் இராகிக் கூழையும் பழத்தையும் சர்க்கரை அளவைப் பார்த்தே உண்ண வேண்டும்.

சரியாகப் போகிறதா என்பதை வீட்டிலேயே கண்டறியலாம். மாவுக்கட்டு உலர்ந்தபின் கட்டுடன் ஒருமுறை எடை பார்த்துக் குறித்துக்கொண்டு, நிற்க முடிகிறவர் வாரந்தோறும் அதே எடைமேடையில் பார்க்கலாம். இரண்டு கிலோவுக்கு மேல் தொடர்ந்து குறைந்தால் உணவு போதவில்லை என்று கொள்ளலாம். அடிபடாத காலின் தொடையை நாடாவால் அளந்து வாருங்கள். அதுவும் மெலிகிறது என்றால், உடல் தன் தசையை விற்றுச் செலவழிக்கிறது என்று பொருள். வலி குறைவதற்கு மாறாகக் கூடினாலோ, விரல்கள் மரத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ அது உணவுப் பிரச்சினை அன்று. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கட்டுப் பிரித்த நாளில் இந்த உணவை நிறுத்திவிடுவது இன்னொரு தவறு. பயிற்சி தொடங்கும் அந்த நாளில்தான் தசை மீண்டும் வளரத் தொடங்குகிறது. குறைந்தது இன்னும் ஆறு வாரம் இதைத் தொடர வேண்டும்.

இனிச் செலவு. நம் நியாயவிலைக் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்தான். ஆனால், ஓர் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ. அதை ஒரு குடும்பம் முழுவதும் பங்கிட்டால், நோயாளிக்குத் தேவையான நாளொன்றுக்கு 50 கிராம் கிட்டாது. எஞ்சிய பருப்பு, இரண்டு முட்டை, பால், கடலை, கொள்ளு ஆகியவற்றை வெளியில் வாங்கினால், இங்குள்ள விலையில் நாளுக்குக் கூடுதலாக 35 முதல் 40 ரூபாய் ஆகிறது. ஆறு வாரத்துக்கு ஏறத்தாழ 1,600 ரூபாய். அந்தப் பெண்மணி வேலைக்குத் திரும்புவது ஒரு வாரம் முன்னதாக நிகழ்ந்தால், ஒரு வாரக் கூலியே இச்செலவைப் பெருமளவு ஈடு செய்துவிடும். ஆனால், கூலி நின்ற வீட்டில் அந்த 40 ரூபாயை முன்பணமாகப் போட யாரிடமும் காசு இருப்பதில்லை. லாபம் தரும் முதலீடு கையில் பணமில்லாததால் மட்டுமே செய்யப்படாமல் போவதைப் பொருளாதாரம் சந்தைத் தோல்வி என்று சொல்லும். அங்கேதான் அரசு தலையிட இடமிருக்கிறது.

அதற்கு முன்னுதாரணமும் இருக்கிறது. காசநோயாளிகளுக்கு மருந்து மட்டும் போதாது, உணவும் சிகிச்சையின் பகுதி என்று ஏற்று, 2018 முதல் மாதம் 500 ரூபாயை நடுவண் அரசு அவர்கள் வங்கிக் கணக்கில் செலுத்தியது; 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உடலுழைப்பால் வாழும் ஒருவருக்கு எலும்பு முறிந்தால், இரண்டு மாதத்துக்கு அதே அளவு உதவி தருவது மாநில அரசுக்குப் பெருஞ்சுமை ஆகாது. பணம் தர இயலாவிட்டால், மருத்துவச் சீட்டைக் காட்டுவோருக்கு நியாயவிலைக் கடையில் கூடுதலாக இரண்டு கிலோ பருப்பு தரலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தரும் பணியாளர்கள், நோயாளியின் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கலாம்.

இவற்றில் எதற்கும் காத்திராமல் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு. மாவுக்கட்டுப் போட்டு அனுப்பும்போது தரப்படும் சீட்டில் மாத்திரைகளின் பெயர் இருக்கிறது. மறுமுறை வர வேண்டிய நாள் இருக்கிறது. அதன் அடியில், நாளுக்கு இரண்டு முட்டை, இரண்டு வேளை கெட்டிப் பருப்பு, ஒரு தம்ளர் பால், பத்தியம் வேண்டாம் என்று மருத்துவர் தம் கையெழுத்தில் எழுதிவிட்டால் போதும். பக்கத்து வீட்டார் சொல்வதையும் என் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் சொல்வதையும் விட, அந்த ஒரு வரிக்கு நம் வீட்டுச் சமையலறைகளில் மதிப்பு அதிகம்.